தீர்ப்பாயம் அமையும் முன்பே தடை வேண்டுமானால் யாரிடம் போவது?

கேள்வி: எங்கள் ஒப்பந்தத்தில், தகராறு வந்தால் ஐசிசி என்ற சர்வதேச வர்த்தக சபையின் விதிகளின்படி ஆர்பிட்ரேஷனுக்குப் போக வேண்டும் என்ற ஷரத்து இருக்கிறது. நாங்கள் பணம் கொடுத்துச் செய்த வார்ப்பு அச்சுகளை எதிர்த்தரப்பு வேறொருவருக்கு விற்கப் பார்க்கிறது. தீர்ப்பாயம் அமைய மாதக்கணக்கில் ஆகுமாம். அவசரகால நடுவரிடம் போவதா, நீதிமன்றத்துக்கா?

அச்சுகள் இன்னும் எதிர்த்தரப்பின் கையில்தான் இருக்கின்றன, விற்பனைக்குச் சில வாரங்களாவது ஆகும் என்றால், தீர்ப்பாயம் அமையும் முன்பே இடைக்கால உத்தரவிட ஐசிசி நியமிக்கும் அவசரகால நடுவர் போதும். நாளைக்கே கைமாறிவிடும் என்றால் நீதிமன்றம்தான்.

காரணம், ஐசிசி விதிகளில் உங்கள் மனுவின் நகல் எதிர்த்தரப்புக்குப் போய்விடும். அவர்களுக்குத் தெரியாமல் தடை வாங்க முடியாது. நடுவரைப் பொதுவாக 2 நாட்களில் நியமித்துவிடுவார்கள். கோப்பு அவர் கைக்கு வந்து 15 நாட்களுக்குள் அவர் உத்தரவிட வேண்டும். அந்த இடைவெளியில்தான் பொருள் காணாமல் போகும். அதனால் மனுவிலேயே, விசாரணை முடியும்வரை அச்சுகளை நகர்த்தக் கூடாது என்று ஒரு தற்காலிக உத்தரவையும் தனியாகக் கேளுங்கள். இதை விட்டுவிட்டு, கடைசி உத்தரவுக்கான வாதத்தை மட்டும் அழகாக எழுதி என்ன பயன்?

அடுத்தது, யாரைக் கட்டுப்படுத்தும் என்பது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள், அவர்களுடைய உரிமை வாரிசுகள், அவ்வளவுதான். அச்சுகளை வாங்க வருபவரையோ, பொருளை வைத்திருக்கும் தனியார் கிடங்கையோ அவசரகால நடுவர் தொட முடியாது. அவர்கள் மீது தடை வேண்டுமானால் நீதிமன்றத்தில்தான் கேட்டுப் பார்க்க வேண்டும். பொருத்தமான சூழலில் நீதிமன்றம் போனாலும் ஆர்பிட்ரேஷன் உரிமை போகாது என்று ஐசிசி விதி 29(7) சொல்கிறது.

ஆனால் எல்லா நாட்டிலும் நீதிமன்றக் கதவு அப்படியே திறந்திருக்கும் என்று எண்ண வேண்டாம். ஜெரால்டு மெட்டல்ஸ் வழக்கில் (2016) இங்கிலாந்து உயர் நீதிமன்றம், நடுவர் அமைப்பே உரிய நேரத்தில் உதவ முடியும் என்றால் தான் தலையிட அதிகாரமில்லை என்றது. அது ஐசிசி அல்ல, எல்சிஐஏ எனும் லண்டன் சர்வதேச நடுவர் மன்றத்தின் விதிகளின் கீழ் வந்த வழக்கு. இதனால்தான் ஆர்பிட்ரேஷனின் இருக்கை, அதாவது சட்டப்படி அது நடப்பதாகக் கருதப்படும் இடம், எந்த நாடு என்பதை முதலில் பாருங்கள் என்கிறேன்.

உத்தரவை நிறைவேற்றுவதும் அதையே பொறுத்தது. இந்தியா இருக்கையாக இருந்தால் அவசரகால நடுவரின் உத்தரவை இந்திய ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் பிரிவு 17இன் கீழ் நிறைவேற்றலாம் என்று 2021 ஆகஸ்டில் அமேசான்–ஃப்யூச்சர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இருக்கை வெளிநாடாக இருந்தால் இந்தியாவில் இந்த வழி கிடைக்காது; அதே சட்டத்தின் பிரிவு 9இன் கீழ் நீதிமன்றத்தில் புதிதாக மனுப்போட்டு, அந்த உத்தரவை ஆதாரமாகக் காட்ட வேண்டியிருக்கும்.

அப்புறம் ஒரு நாள்கணக்கு. அவசர மனு ஐசிசி செயலகத்துக்குக் கிடைத்து 10 நாட்களுக்குள் முதன்மை ஆர்பிட்ரேஷன் கோரிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டும். அப்படிச் செய்யாமல், அவசரகால நடுவரும் கூடுதல் அவகாசம் தராவிட்டால், அவசர நடவடிக்கையே முடிக்கப்பட்டுவிடும். மனுவுடன் 40,000 அமெரிக்க டாலர் கட்ட வேண்டும் என்பதால், அச்சுகளின் மதிப்பையும் உற்பத்தி நின்றால் வரும் இழப்பையும் முதலில் கணக்குப் போடுங்கள். பிற்பாடு பணமாக ஈடுசெய்துவிடக்கூடிய நஷ்டம்தான் என்று தோன்றினால், தீர்ப்பாயம் அமையும்வரை காத்திருக்கலாமே என்று நடுவர் மனுவைத் தள்ளிவிட வாய்ப்பு அதிகம்.