முகம் அவருடையது, படம் யாருடையது?

கேள்வி: குடியாத்தத்தில் போட்டோ எடிட்டிங் செய்கிறேன். வேலூரில் போட்டோகிராபராக இருக்கும் நண்பர், கோட்டையில் ஒரு பெண்ணை எடுத்த படங்களை எடிட் செய்யக் கொடுத்தார். 6,000 ரூபாய் கூலி இன்னும் பாக்கி. அந்தப் பெண்ணிடம் கேட்டேன், “தாராளமா போடுங்க அண்ணா” என்று வாட்ஸ்அப்பில் சொன்னார். மூலையில் இருந்த நண்பரின் லோகோவை கிராப் செய்துவிட்டு, முகத்தைக் கொஞ்சம் பளிச்சென்று ஆக்கி, இன்ஸ்டாவில் போட்டேன். காட்பாடியில் ஒரு பியூட்டி பார்லர் 8,000 கொடுத்து வாங்கி ஃப்ளெக்ஸ் வைத்தது. இப்போது நண்பர் மூன்று லட்சம் கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். அவரும் கோட்டையில் அனுமதி வாங்காமல்தான் எடுத்தார். அந்தப் பெண் போட்டோவுக்குக் காசு கொடுத்தாரா தெரியாது, பெட்ரோலுக்கு 500 ஜிபே செய்ததாகச் சொன்னார். நான் செய்தது தப்பா?

பதில்: பாக்கிக் கூலியையும் கோட்டை அனுமதியையும் ஓரமாக வையுங்கள். கூலி பாக்கி இருப்பதால் படம் உங்களுடையது ஆகிவிடாது, அதைத் தனியாகக் கேட்டு வாங்கலாம். அனுமதி இல்லாமல் எடுத்திருந்தால், அது அவருக்கும் தொல்லியல் துறைக்கும் உள்ள விவகாரம். படத்தின் மேல் அவருக்கு உள்ள உரிமை அதனால் போகாது. உங்கள் கடிதத்தில் கடைசியில் சொல்லியிருக்கும் அந்த 500 ரூபாயில்தான் எல்லாமே இருக்கிறது.

பதிப்புரிமைச் சட்டம், 1957-இன்படி படத்தை எடுத்தவரே அதன் முதல் உரிமையாளர். ஆனால் பிரிவு 17(b) ஒரு விலக்கு தருகிறது. ஒருவர் தனக்காக எடுக்கச் சொல்லி, அதற்குப் பணமும் கொடுத்திருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை உரிமை அவருக்கே. கல்யாணப் படம் பெரும்பாலும் வீட்டாருடையது ஆவது இதனால்தான். ஆனால் அப்படிப்பட்ட வேலைக்கும் சில ஸ்டூடியோக்காரர்கள் அட்வான்ஸ் ரசீதின் பின்பக்கம் ‘படங்களின் உரிமை ஸ்டூடியோவுக்கே’ என்று அச்சடித்து, கீழே கையெழுத்தும் வாங்கியிருப்பார்கள். ரசீதை வாங்கும்போது யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை.

உங்கள் விஷயத்தில் யார் யாரைக் கூப்பிட்டார்கள் என்று பார்க்க வேண்டும். அந்தப் பெண் “எனக்கு நாலு படம் எடுத்துக் கொடுங்க” என்று கேட்டுக் காசு கொடுத்திருந்தால் உரிமையாளர் அவர்தான், நண்பரின் நோட்டீஸ் பாதி செத்துவிடும். நண்பர் தன் போர்ட்ஃபோலியோவுக்காக அவரை வரச் சொல்லி, அவர் பெட்ரோலுக்கு ஏதோ கொடுத்திருந்தால் அது அந்தப் பெண் சொல்லி எடுத்த படம் ஆகாது. அவர்கள் இருவரின் சாட்டில் முதல் செய்தி யாருடையது என்று பாருங்கள். இந்த ஊரில் கோட்டைப் பக்கம் நடக்கும் இலவச ஷூட்டுகளில் கூப்பிடுவது பெரும்பாலும் போட்டோகிராபர்தான். அதனால் 500 ரூபாயை நம்பி வழக்கு நடத்த நான் சொல்ல மாட்டேன்.

அப்படியானால் அந்தப் பெண் தந்த சம்மதத்துக்கு மதிப்பே இல்லையா? இருக்கிறது, ஆனால் அது அவர் முகத்துக்கு மட்டும். பேங்க் லாக்கர் போலத்தான் இதுவும். ஒரு சாவி எடுத்தவரிடம், இன்னொன்று படத்தில் இருப்பவரிடம். உங்களிடம் இருந்தது ஒன்றுதான், அதுவும் முழுதாகத் திறக்கவில்லை. எடிட் செய்யக் கொடுத்தபோது, எடிட் செய்து தனக்குத் திருப்பித் தரத்தான் நண்பர் அனுமதித்தார். உங்கள் பெயரில் போடவோ விற்கவோ அனுமதிக்கவில்லை. பிரிவு 30-இன்படி உரிமையாளர் தரும் உரிமம் எழுத்தில் இருக்க வேண்டும்.

அந்தப் பெண்ணும் இன்ஸ்டா பதிவுக்குத்தான் “போடுங்க” என்றார். பார்லர் விளம்பரத்துக்கு அல்ல. ஒருவர் சம்மதம் இல்லாமல் அவர் முகத்தை விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது அந்தரங்க உரிமை மீறல் என்று, ஆட்டோ சங்கர் வழக்கு என நம் ஊரில் சொல்லும் 1994 தீர்ப்பிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதிலும் நீங்கள் முகத்தை வெளுப்பாக்கியிருக்கிறீர்கள். ஃப்ளெக்ஸில் பார்லர் என்ன வாசகம் போட்டது? ‘கரும்புள்ளி நீக்க’ என்று இருந்து, சொந்தக்காரர் யாராவது பார்த்து வீட்டில் போய்ச் சொன்னால், இன்று உங்கள் பக்கம் இருக்கும் அவர் நாளை எதிர்ப்பக்கம் போவார். அவருக்கு 18 முடிந்ததா என்பதையும் பாருங்கள். முடியவில்லை என்றால் அந்த வாட்ஸ்அப் சம்மதத்தை நம்ப முடியாது, பெற்றோர்தான் தர வேண்டும்.

நோட்டீஸில் உள்ள மூன்று லட்சத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அது பேரம் பேசப் போடும் தொகை. நான் பயப்படுவது லோகோவுக்கு. உரிமையாளரைக் காட்டும் அடையாளத்தைத் தெரிந்தே நீக்குவது பிரிவு 65B-இன் கீழ் இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் உள்ள குற்றம். “உரிமை இருப்பது எனக்குத் தெரியாது” என்று சொல்வோருக்குப் பிரிவு 55 கொஞ்சம் இடம் தருகிறது, நஷ்டஈடு வராமல் லாபத்தை மட்டும் திருப்பித் தந்து முடிக்கலாம். லோகோவை வெட்டிய கையோடு அந்தக் கதவை நீங்களே சாத்திவிட்டீர்கள்.

அடுத்தது, கட்சிக்காரர்கள் திரும்பத் திரும்ப விழும் குழி. “சிவில் விஷயம்தானே, பார்த்துக்கலாம்” என்று நோட்டீஸைக் கிடப்பில் போடுகிறார்கள். பிரிவு 63-இல் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை தண்டனை உண்டு. அது கைது செய்யக்கூடிய, ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் நிட் புரோ வழக்கில் சொல்லியிருக்கிறது. எஃப்ஐஆர் விழுந்தால் முன்ஜாமீனுக்குச் சத்துவாச்சாரி கோர்ட்டுக்கு ஓட வேண்டும். அப்புறம் இருவரும் சமாதானமானாலும், இந்தச் சட்டத்தில் குற்றத்தைச் சமரசமாக முடிக்க வழி எழுதப்படவில்லை. எஃப்ஐஆரை ரத்து செய்ய சென்னை உயர் நீதிமன்றம்வரை போக வேண்டும். அந்தச் செலவு 8,000 ரூபாயைப் பல மடங்கு தாண்டும்.

ஆகவே சமரசத்துக்குப் போங்கள், எஃப்ஐஆருக்கு முன்பே. ஆனால் நண்பருக்கு இரவில் உட்கார்ந்து “தெரியாம பண்ணிட்டேன்டா” என்று வாய்ஸ் நோட் அனுப்பாதீர்கள், அதுவே ஒப்புதலாக வந்து நிற்கும். பேச்சு வக்கீல் மூலமே நடக்கட்டும். வாங்கிய 8,000-ஐ முழுதாக விட்டுவிடத் தயாராக இருங்கள், மேலே கொஞ்சம் சேர வேண்டியிருக்கும். பாக்கி 6,000-ஐ மேசையில் கடைசியில் கழித்துக்கொள்ளலாம், முதலிலேயே எடுத்தால் பேச்சு முறியும். பத்திரத்தில் இதுவரை நடந்த பயன்பாட்டுக்கும் சேர்த்து அனுமதி, சிவில், கிரிமினல் இரண்டு நடவடிக்கையும் எடுப்பதில்லை என்ற உறுதி, படம் இனி எங்கே இருக்கலாம் என்ற வரி, மூன்றும் வேண்டும். அந்தப் பெண்ணிடமும் தனித்தாளில், எந்தப் படம், எந்த இடம், எவ்வளவு காலம் என்று எழுதி வாங்குங்கள்.

இன்ஸ்டா பதிவை அழிக்கும் முன் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஃப்ளெக்ஸை இன்றே இறக்கச் சொல்லி, இறக்கியதற்கும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பார்லர்காரர் 8,000-ஐத் திருப்பிக் கேட்பார், அவரோடு அடுத்த வாரம் பேசிக்கொள்ளலாம்.