அழைப்பு நேரம் அதிகம், தர மதிப்பெண்ணும் அதிகம்: எப்படி மதிப்பிடுவது?

டர்பனில் ஒரு கால் சென்டரில் டீம் லீடராக இருக்கிறேன். ஒரு பெண்ணின் தர மதிப்பெண் 94. ஆனால் ஓர் அழைப்புக்கு 9 நிமிடம் எடுக்கிறார், டீம் சராசரி 7 தான். அப்ரைசலில் என்ன போடுவது?

முதலில் அந்த 7 நிமிடத்தோடு ஒப்பிடுவதை நிறுத்துங்கள். அவருக்கு வரும் அழைப்புகள் எவை என்று பாருங்கள். டீமில் பில் தகராறு சராசரியாக 10 நிமிடமும் பாக்கி விசாரணை 5 நிமிடமும் பிடிக்கிறது என்று வைப்போம். டீமுக்கு 40 சதவீதம் தகராறு வந்தால் சராசரி 7. அவருக்கு 60 சதவீதம் வந்தால், அவருடைய நியாயமான இலக்கே 8 நிமிடம். அதாவது விளக்கம் தேவைப்படுவது ஒரே ஒரு நிமிடத்துக்குத்தான்.

அந்த நிமிடம் எங்கே போகிறது? பேச்சு, ஹோல்டு, அழைப்புக்குப் பிந்தைய பதிவு என்று பிரித்துப் பாருங்கள். பதிவில் போனால் அது டைப்பிங் அல்லது சிஸ்டம் பிரச்சினை, பயிற்சியில் சரியாகும். பேச்சில் போனால், 7 நாளுக்குள் அதே வாடிக்கையாளர் திரும்ப அழைத்தாரா என்று பாருங்கள். திரும்ப அழைப்பவர்கள் டீமைவிடக் குறைவென்றால், அந்த நிமிடம் இன்னோர் அழைப்பை மிச்சப்படுத்தியிருக்கலாம். அதற்காக மதிப்பெண்ணைக் குறைப்பது அநியாயம்.

அப்புறம், 94 எத்தனை அழைப்புகளைக் கேட்டுப் போட்டது? மாதம் ஐந்தாறு என்றால் அது மிகச் சின்ன மாதிரி. நேரமோ எல்லா அழைப்புகளிலும் அளக்கப்படுகிறது. நீளமான அழைப்புகளிலிருந்து இன்னும் சிலவற்றைக் கேட்டுவிட்டு எழுதுங்கள்.