கார்ட் ஸ்டேட்மென்ட் போட்டோவில் மாதச் சந்தாக்களைக் கண்டுபிடிப்பது எப்படி?

"மூன்று மாத ஸ்டேட்மென்டைப் போனில் படம் பிடித்து வைத்திருக்கிறேன். மாதாமாதம் தானாகக் கழிபடுவது எது, சந்தேகமானது எது என்று எப்படிப் பிரிப்பது? மட்டக்களப்பில் இருக்கிறேன்."

முதலில் படத்தை நம்பலாமா என்று பாருங்கள். முந்தைய நிலுவையோடு செலவுகளையும் வட்டி, கட்டணங்களையும் கூட்டி, கட்டிய காசையும் மற்ற வரவுகளையும் கழித்தால் புதிய நிலுவை வர வேண்டும். சரியாக 6,000 ரூபாய் இடித்தால், 1,850ஐ 7,850 என்று வாசித்திருக்கலாம். மங்கலான படத்தில் 1உம் 7உம் ஒன்றுபோலத் தெரியும். வரவைக் குறிக்கும் CR விடுபட்டால், அந்தத் தொகையின் இரு மடங்கு இடிக்கும்.

பிறகு ஒரே தொகையைத் தேடாதீர்கள். டொலர் சந்தா ரூபாயில் மாதாமாதம் மாறும். 9.99 டொலர் ஒரு மாதம் 3,112.40, அடுத்த மாதம் 3,148.75, பிறகு 3,129.10 என்று விழலாம். பெயரையும் திகதியையும் பிடியுங்கள்: மூன்றும் 14ஆம் திகதியை ஒட்டி வந்தால் அது சந்தாதான். வங்கி பதிந்த திகதி வார இறுதியால் தள்ளிப்போகும், அதனால் கொடுக்கல் வாங்கல் நடந்த திகதியைப் பாருங்கள். வருடச் சந்தா மூன்று மாதத்தில் அகப்படாது. 13 மாதம் வேண்டும்.

தெரியாத பெயரெல்லாம் களவு இல்லை. கல்முனைக் கடையில் வாங்கியது, கொழும்பு முகவரியுள்ள கம்பனிப் பெயரில் வரலாம். திகதியை வைத்துப் பற்றுச்சீட்டோடு ஒப்பிடுங்கள். என் கண் முதலில் போவது சின்னத் தொகைக்கு: அறியாத வெளிநாட்டுப் பெயரில் சில நூறு ரூபாய் என்றால், கார்ட் வேலை செய்கிறதா என்று யாரோ சோதித்திருக்கலாம். உடனே வங்கிக்கு அழைத்து கார்டை முடக்குங்கள்.