பகல் ஷிப்டும் ஸ்கால்ப்பிங்கும்

"பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் பகல் ஷிப்ட், லைனில் போன் கூடாது. கையில் 3,000 வெள்ளி. ஸ்கால்ப்பிங் சரிவருமா? அண்ணன்மார் சொல்லுங்கள்."

வேண்டாம் தம்பி. பங்கை வாங்கி சில நிமிடத்தில் விற்கும் அந்த முறைக்கு நேரம் இருந்தாலும் கணக்கு உதைக்கிறது. 1.50 வெள்ளிக்கு 2,000 பங்கு வாங்கி, ஒரு காசு ஏறியதும் விற்றால் வருவது 20 வெள்ளி. என் புரோக்கர் ஒவ்வொரு பக்கமும் குறைந்தது 8 வெள்ளி எடுக்கிறார். முத்திரை வரியும் கிளியரிங் கட்டணமும் சேர்ந்தால் வாங்கி விற்க 24 வெள்ளிக்கு மேல் போய்விடும். சரியாகக் கணித்தும் நஷ்டம்.

சில நாள், சில வாரம் வைத்திருக்கும் ஸ்விங்தான் உங்களுக்குப் பொருந்தும். மாலை 5 மணிக்குச் சந்தை மூடிய பிறகு சார்ட்டைப் பார்த்து, மறுநாள் ஷிப்டுக்கு முன் ஆர்டர் போடலாம். அதே பங்குக்கு இலக்கு 1.66, இறங்கினால் விற்று வெளியேறும் ஸ்டாப் 1.42 என்று வையுங்கள். பிடித்தால் 320 வெள்ளி, தவறினால் 160 நஷ்டம். கட்டணம் தனி, ஆனால் இப்போது அது தாங்கும். ஸ்டாப் ஆர்டர் தானாக இயங்குமா, எத்தனை நாள் நிற்கும் என்று உங்கள் ஆப்பில் முதலில் பாருங்கள். போன் இல்லாத நேரத்தில் அதுதான் காவல். அதற்கும் எல்லை உண்டு: இரவில் கெட்ட செய்தி வந்தால் காலையில் விலை 1.35இல் திறக்கலாம், 1.42 கிடைக்காது. அதனால் காலாண்டு அறிக்கை வரும் வாரத்தில் நான் பங்கைக் கையில் வைப்பதில்லை.

பொசிஷன் டிரேடிங்குக்கு நேரம் இன்னும் குறைவு. ஆனால் 15 சதவீதம் இறங்கினாலும் மாதக்கணக்கில் விற்காமல் இருக்கும் மனசு வேண்டும். எனக்கு அது வரவில்லை.