மதுக்கடையை மூடலாமா: இரண்டு கணிப்பு, இரண்டு விடை

கேள்வி: மதுக்கடைகளை மூடுவது பற்றி ஒரு கணிப்பில் பெருவாரியானவர்கள் மூடச் சொல்கிறார்கள், இன்னொன்றில் பாதிக்குப் பாதி என்று வருகிறது. எதை நம்புவது? எல்லாம் காசு வாங்கிக்கொண்டு போடுவதுதானே?

அந்தக் கடைசி வரிக்காகத்தான் எழுதுகிறேன். ஒரு கணிப்பு நிறுவனத்துக்காக வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்பியவன் நான். காசுக்கு எண்ணை மாற்றுகிறவர்களே கிடையாது என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் ஒரு பைசா கைமாறாமலே இரண்டு கணிப்புகள் எதிரும் புதிருமாக வரும்.

கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் கள்ளச்சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் இறந்த சில வாரங்களில் எங்கள் குழு வேறொரு மாவட்டத்தில் இதே கேள்வியோடு இறங்கியது. விதிமுறை நன்றாகவே இருந்தது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தொடங்கி வலது கைப்பக்கமாகவே நடக்க வேண்டும், சில வீடுகளை விட்டு ஒரு வீட்டில் ஏற வேண்டும், அந்த வீட்டுப் பெரியவர்களில் யாருடைய பிறந்தநாள் அடுத்து வருகிறதோ அவரிடம்தான் கேட்க வேண்டும். அவர் இல்லையென்றால் சாயங்காலம் திரும்ப வர வேண்டும்.

காலை பதினொரு மணிக்கு எந்த ஊரில் ஆம்பளைகள் வீட்டில் இருக்கிறார்கள்? திண்ணையில் பூ கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா நான் கேள்வியை முடிக்கும் முன்பே, "முதல்ல அதை மூடச் சொல்லு தம்பி, மத்ததெல்லாம் அப்புறம் எழுதிக்கோ" என்றார். கூலியோ படிவக் கணக்கு. சாயங்காலம் அதே தெருவுக்குத் திரும்பப் போனால் பஸ் காசு நம் கையிலிருந்து. அதனால் எங்கள் குழுவில் பலர் பக்கத்து வீட்டில் இருந்தவரைக் கேட்டு முடித்துக்கொண்டார்கள். (அந்தப் பயணப்படி இன்னும் வரவில்லை. ஏசி அறையில் உட்கார்ந்து கிராஃப் போடுகிறவர்களுக்கு மட்டும் மாசம் பிறந்தால் சம்பளம்.)

ஆண்கள் குறைந்தால் அலுவலகத்தில் எடையிட்டுச் சரிசெய்வார்களே என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்வீர்கள். செய்தார்கள். ஒரு ஆண் பதிலை ஒன்றரைப் பதிலாகக் கணக்கு வைப்பதுதான் எடை. ஆனால் பகலில் வீட்டில் கிடைத்த ஆண்கள் வயசானவர்களும் உடம்பு முடியாதவர்களும்தான். கட்டட வேலைக்குப் போனவனுடைய பதில் கையில் இல்லாதபோது எந்த எடையைப் போட்டாலும் அது வராது. இன்னொரு நிறுவனம் இதே விஷயத்தைப் போனில் கேட்டது. அங்கே கதை நேர்தலைகீழ்: பல வீடுகளில் நம்பர் வீட்டுக்காரர் பெயரில், போனும் அவர் சட்டைப்பையில்.

கேள்வியும் ஒன்றல்ல. நாங்கள் கேட்டது, "உங்கள் ஊர் மதுக்கடையை மூட வேண்டுமா?" அவர்கள் கேட்டது, மூடினால் அரசு வருமானம் குறையலாம், கள்ளச்சாராயம் பெருகலாம், அப்படியும் மாநிலம் முழுக்க மூட வேண்டுமா என்று. சாவுச் செய்தி சூடு ஆறாத நேரத்தில் "கள்ளச்சாராயம்" என்று காதில் விழுந்தாலே பதில் ஆடும். தன் தெருக்கடை போக வேண்டும் என்பவரே மாநிலம் முழுக்க என்றால் யோசிப்பார்.

இதற்குப் பேர்போன உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது. 2003 ஜனவரியில், ஈராக் போருக்கு முன், சதாம் உசேன் ஆட்சியை முடிவுக்குக் கொண்டுவர ராணுவ நடவடிக்கை எடுக்கலாமா என்று பியூ ஆய்வு மையம் கேட்டபோது 68 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். ஆயிரக்கணக்கில் அமெரிக்க வீரர்கள் பலியாகலாம் என்றாலும் எடுக்கலாமா என்று கேட்டபோது ஆதரவு 43 சதவீதம். யாரும் பொய் சொல்லவில்லை. விலையைச் சொல்லிக் கேட்பதும் சொல்லாமல் கேட்பதும் வேறு வேறு கேள்விகள், அவ்வளவுதான்.

வார்த்தையை விடுங்கள், ஆளைப் பிடிக்கும் வழி மட்டும் மாறினாலே போதும். 2016 மே மாதம் பிரிட்டனில் ஐசிஎம் நிறுவனம் ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிப்பதா விலகுவதா என்பதை ஒரே வார இறுதியில் போனிலும் இணையத்திலும் கேட்டது. போனில் நீடிக்க 47, விலக 39. இணையத்தில் நீடிக்க 43, விலக 47. ஒரே நிறுவனம், ஒரே நாட்கள், முடிவு எதிரெதிர். ஜூன் 23 வாக்கெடுப்பில் விலகல் 51.9 சதவீதம் பெற்று வென்றது. இணையம் சரி, போன் தப்பு என்று சட்டம் போட்டுவிடாதீர்கள். அந்தத் தடவை போனில் சிக்கியவர்களில் நீடிக்க விரும்புகிற மாதிரி ஆட்கள் அதிகம்.

"பிழை வரம்பு 3 சதவீதம்" என்று திரையில் ஓடும். குலுக்கல் முறையில் சரியாகப் பொறுக்கிய ஆயிரம் பேரில் அதிர்ஷ்டத்தால் வரும் ஏற்ற இறக்கம் மட்டும்தான் அது. பூட்டிய வீடும் கேள்வியின் வார்த்தையும் அதில் சேராது. நீங்கள் பார்த்த இரண்டு கணிப்பிலும் கேள்வியின் முழு வாசகம், எந்தத் தேதிகளில் கேட்டார்கள், எப்படி ஆள் பிடித்தார்கள் என்ற மூன்றையும் தேடிப் பாருங்கள். எது இதைச் சொல்லவில்லையோ அதன் எண்ணை நான் பேச்சுக்குக்கூட எடுப்பதில்லை.