கன்னத்தில் விடும் வலிப்பு மருந்து: முதலில் ஆம்பூலைப் படியுங்கள்

கேள்வி: என் மகனுக்கு ஐந்து வயது, எடை 15 கிலோ. இந்த ஆண்டுதான் பள்ளியில் சேர்ந்தான். வலிப்பு நீண்டால் கன்னத்தில் விடச் சொல்லி மிடசோலம் 7.5 மில்லிகிராம் என்று அரசு மருத்துவமனையில் எழுதிக் கொடுத்தார்கள். மருந்து கண்ணாடி ஆம்பூலில் கிடைத்தது. எப்படி விடுவது என்று யாரும் காட்டவில்லை. வீட்டில் ஆயாதான் அவனைப் பார்த்துக்கொள்கிறார். மூச்சு நின்றுவிடும் என்று வகுப்பு ஆசிரியை பயப்படுகிறார். தெரிந்த ஒருவர் மருந்தை நிரப்பிய சிரிஞ்சாகவே விற்கிறார். வாங்கலாமா? (ஒரு தாய், சாட்ஸ்வொர்த், டர்பன்)

பதில்: வாங்காதீர்கள், அம்மா. இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதற்கு வருவேன். இந்த மருந்தில் நடக்கும் தவறுகளில் பெரியது அந்தச் சிரிஞ்சுக்குள் ஒளிந்திருக்கிறது.

தென்னாப்பிரிக்காவில் மிடசோலம் ஊசி மருந்து ஒரே அடர்த்தியில் வருவதில்லை. ஓர் ஆம்பூலில் 5 மில்லிலிட்டர் திரவம் இருக்கும், அதில் மருந்து 5 மில்லிகிராம். அதாவது ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு மில்லிகிராம். இன்னொன்று 3 மில்லிலிட்டர்தான், ஆனால் அதில் 15 மில்லிகிராம் இருக்கிறது. ஒரு மில்லிலிட்டருக்கு ஐந்து. இரண்டும் தண்ணீர் போலத் தெளிவானவை. ஆம்பூலை விட்டுச் சிரிஞ்சுக்கு மாறிய பிறகு எது எது என்று யாராலும் கண்ணால் சொல்ல முடியாது.

உங்கள் மகனின் கணக்கைப் பார்ப்போம். கன்னத்தில் விடும்போது கிலோவுக்கு அரை மில்லிகிராம் என்று நம் நாட்டு மருத்துவ வழிகாட்டிகள் சொல்கின்றன. 15 கிலோவுக்கு 7.5 மில்லிகிராம், சீட்டில் இருப்பது சரியான அளவு. அடர்த்தியான ஆம்பூலில் அது ஒன்றரை மில்லிலிட்டர். அதே ஒன்றரை மில்லிலிட்டரை மற்ற ஆம்பூலிலிருந்து எடுத்தால் குழந்தைக்குப் போவது 1.5 மில்லிகிராம், தேவையில் ஐந்தில் ஒரு பங்கு. சரி, நீர்த்த மருந்தையே கூடுதலாக விடலாமே என்றால், ஏழரை மில்லிலிட்டரை ஐந்து வயதுக் குழந்தையின் கன்னம் தாங்காது. தொண்டைக்குள் வழிந்து புரையேறும். அதனால் கன்னத்துக்கு ஒரு மில்லிலிட்டருக்கு ஐந்து மில்லிகிராம் உள்ள மருந்து மட்டுமே. எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: அடர்த்தியான ஆம்பூலை முழுவதும் விட்டால் அளவு இரட்டிப்பாகிவிடும்.

நிரப்பிய சிரிஞ்சு ஒன்றோடு ஒரு தாய் என்னிடம் வந்திருக்கிறார். அதன் மேல் பேனாவால் 'வலிப்பு' என்று மட்டும் எழுதியிருந்தது. மருந்தின் பெயர், அளவு, நிரப்பிய நாள், காலாவதி நாள், கடையின் பெயர் எதுவும் இல்லை. விற்றவரைத் தொலைபேசியில் பிடித்துக் கேட்டோம். கையில் கிடைத்த ஆம்பூலிலிருந்து நிரப்பினாராம். அது நீர்த்த மருந்து. அந்தக் குழந்தைக்கு மருந்து விட்டும் வலிப்பு நிற்கவில்லை. "இந்த மருந்து என் பிள்ளைக்குக் கேட்காது" என்றே அந்தத் தாய் அதுவரை நம்பியிருந்தார். மிடசோலம் இங்கே ஐந்தாம் அட்டவணை மருந்து. மருந்துச் சீட்டின் பேரில், குழந்தையின் பெயர் ஒட்டி, பதிவுபெற்ற மருந்தாளுநர் தர வேண்டியது. கார் டிக்கியில் வைத்து விற்பதற்கு யாருக்கும் உரிமை இல்லை. இது வெளிச்சம் படாமல் வைக்க வேண்டிய மருந்து. டர்பன் வெயிலில் நிற்கும் காரில் அது என்ன ஆகும் என்பதையும் யோசியுங்கள். ஆனால் இவர்களுக்குச் சந்தையைத் திறந்துவிட்டது யார்? சீட்டை எழுதிவிட்டு, இரண்டு நிமிடம் ஒதுக்கி எப்படி விடுவது என்று காட்டாமல் தாயை அனுப்பிவைக்கும் மருத்துவமனைகள்தான். இதில் எனக்குப் பொறுமை போய்விட்டது.

இப்போது உங்கள் ஆம்பூலை எடுத்துப் படியுங்கள். 15 mg/3 ml என்று இருந்தால் சரி. 5 mg/5 ml என்று இருந்தால் நாளைக்கே கடையில் கொடுத்து மாற்றுங்கள். மருந்தாளுநரிடம் ஊசி கழற்றக்கூடிய 2 மில்லிலிட்டர் சிரிஞ்சும் வடிகட்டி உள்ள ஊசியும் கேளுங்கள். ஆம்பூலை உடைக்கும்போது கண்ணுக்குத் தெரியாத கண்ணாடித் துகள் உள்ளே விழும். வடிகட்டி அதைத் தடுக்கும். சிரிஞ்சில் 1.5 என்ற கோட்டின் மேல் அழியாத மையால் தடித்த கோடு போட்டுவிடுங்கள். பதற்றத்தில் ஆயா எண்ணைத் தேட வேண்டாம், கோட்டைப் பார்த்தால் போதும்.

வலிப்பு தொடங்கியதும் கடிகாரத்தைப் பாருங்கள். பெரும்பாலான வலிப்புகள் இரண்டு மூன்று நிமிடத்தில் தாமாக அடங்கும். ஐந்து நிமிடம் தாண்டியது தானாக நிற்பது அரிது. மேலும், மூளையில் இந்த மருந்து பற்றிக்கொள்ளும் இடங்கள் நேரம் போகப்போக உள்வாங்கிக்கொள்ளும். பத்தாவது நிமிடத்தில் செய்யும் வேலையை முப்பதாவது நிமிடத்தில் அதே அளவு செய்யாது. ஆகவே மூன்றாவது நிமிடத்தில் மருந்தை எடுக்கத் தொடங்குங்கள், ஐந்தாவது நிமிடத்தில் விடுங்கள். ஆம்பூலின் கழுத்தில் ஒரு புள்ளி இருக்கும். புள்ளி உங்களைப் பார்க்கும்படி துணியால் பிடித்து, எதிர்ப்பக்கமாகச் சாய்த்தால் உடையும். கோடு வரை உறிஞ்சுங்கள். பிறகு ஊசியைக் கழற்றுங்கள். இதை மறக்கவே கூடாது. வாய்க்குள் போவது வெறும் சிரிஞ்சின் முனைதான்.

குழந்தை ஒருக்களித்துப் படுத்திருக்கட்டும். எச்சிலைத் துடைத்துவிட்டு, தரைப்பக்கக் கன்னத்தை விரலால் லேசாக விலக்கி, சிரிஞ்சின் முனையைக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே வையுங்கள். மெதுவாக அழுத்துங்கள், பீய்ச்சி அடித்தால் தொண்டைக்குப் போய்விடும். முடிந்தால் பாதியை ஒரு கன்னத்திலும் மீதியை மறு கன்னத்திலும் விடுங்கள். கன்னத்தின் உட்தோல் வழியாகத்தான் மருந்து இரத்தத்தில் சேர்கிறது, விழுங்க வேண்டியதில்லை. பல் கிட்டியிருந்தாலும் தடையில்லை, பல்லுக்கு வெளியேதான் உங்களுக்கு வேலை. கரண்டியால் வாயைத் திறக்க வேண்டாம். கையில் சாவியோ இரும்போ கொடுப்பதில் பயனில்லை, அந்த நேரத்தில் சாவியைத் தேடி ஓடுவதால் ஒரு நிமிடம் போகிறது.

இதே ஆம்பூலை மூக்கிலும் விடுவதாகச் சிலர் சொல்லக்கூடும். அதற்கு அளவு வேறு, கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், தூவும் முனை பொருத்திய சிரிஞ்சில். உங்கள் சீட்டில் கன்னம் என்று இருக்கிறது. 7.5 மில்லிகிராமை மூக்கில் விட்டுவிடாதீர்கள்.

மூச்சு பற்றி ஆசிரியையிடம் இதைச் சொல்லுங்கள். மருந்து மூச்சை மெதுவாக்கக்கூடும், அது உண்மை. ஆனால் நிற்காத வலிப்பு மூச்சை அதைவிட அதிகம் கெடுக்கிறது. சான் பிரான்சிஸ்கோவில் ஆம்புலன்ஸில் வந்த பெரியவர்களிடம் இதே வகையைச் சேர்ந்த ஊசி மருந்துகளை வைத்து நடத்திய ஆய்வு 2001இல் வெளியானது. மருந்து பெறாதவர்களுக்குத்தான் மூச்சு, இரத்த ஓட்டத் தொல்லைகள் ஏறக்குறைய இருமடங்கு வந்தன. பயத்தால் பாதி அளவு விடுவதுதான் இரண்டு பக்கமும் நஷ்டம்: வலிப்பும் நிற்காது, தூக்கமும் வரும். விட்ட பிறகு ஒருவர் பக்கத்திலேயே இருந்து மார்பு ஏறி இறங்குவதைப் பார்க்க வேண்டும். மூச்சு நீண்ட இடைவெளி விட்டு வந்தால், அல்லது உதடு நீலமானால், தலையைப் பின்னால் சாய்த்துத் தாடையைத் தூக்குங்கள். அப்படியும் மூச்சு வராவிட்டால் வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும். ஆசிரியை முதலுதவி வகுப்பில் இதைப் பழகியிருப்பது நல்லது.

ஐந்து நிமிடக் கணக்கில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. அதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன், ஏனென்றால் பள்ளிகளில் இது தப்பிப்போகிறது. இரண்டு நிமிடம் துடிக்கிறது, நிற்கிறது. "அப்பாடா" என்று உட்காருகிறார்கள். பையன் கண் திறக்கவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை. ஒரு நிமிடத்தில் மறுபடி துடிக்கிறது. ஆசிரியை கடிகாரத்தைப் புதிதாகத் தொடங்குகிறார். தவறு. நடுவே நினைவு திரும்பவில்லை என்றால் எல்லாம் சேர்ந்து ஒரே வலிப்பு. முதல் துடிப்பிலிருந்தே எண்ண வேண்டும். நினைவு திரும்பியது என்று எப்படி அறிவது? பெயரைக் கூப்பிட்டால் உங்களைப் பார்க்க வேண்டும், "கையைப் பிடி" என்றால் பிடிக்க வேண்டும். கை கால் துடிப்பு நின்றும் கண் ஒரு பக்கமாகவே இழுத்து நின்றாலோ, உதடோ விரலோ துடித்துக்கொண்டே இருந்தாலோ வலிப்பு இன்னும் முடியவில்லை. கடிகாரம் ஓடட்டும். நன்றாக விழித்துப் பேசி, ஒரு மணி நேரம் கழித்து இன்னொன்று வந்தால் அது வேறு கணக்கு. அப்போது என்ன செய்வது என்பதை மருத்துவர் தாளில் தனியாக எழுதித்தர வேண்டும்.

இந்த மருந்தை முதல் முறை விடும்போது, விட்டவுடன் 10177 அல்லது கைப்பேசியில் 112 அழைத்துவிடுங்கள். அடுத்தடுத்த முறைகளிலும் மருந்து விட்டு ஐந்து நிமிடத்தில் நிற்காவிட்டால், மூச்சு சரியில்லை என்றால், அடிபட்டிருந்தால், உடனே அழைக்க வேண்டும். ஆம்புலன்ஸ் எப்போது வரும் என்று யாரும் உறுதி தருவதில்லை. அதற்காகத்தான் இந்த மருந்தே உங்கள் கையில் இருக்கிறது. சீட்டில் எழுதியிராமல் இரண்டாவது முறை விடக் கூடாது. விட்ட நேரத்தைக் குறித்து, காலி ஆம்பூலை ஆம்புலன்ஸில் வருபவரிடம் கொடுங்கள். பையன் சில மணி நேரம் தூங்குவான். முழுதாக விழிக்கும் வரை தண்ணீர்கூட வேண்டாம்.

பள்ளிக்கு ஒரு தாள் போதும்: பையனின் பெயர், எடை, 7.5 மில்லிகிராம் என்பது 1.5 மில்லிலிட்டர், எந்த நிமிடத்தில், எந்தக் கன்னத்தில், யார் விடுவார், அவர் வராத நாளில் யார். மருத்துவரும் நீங்களும் கையெழுத்திட வேண்டும். "நாங்கள் நர்ஸ் அல்ல" என்று பள்ளி சொல்லும். நர்ஸ் தேவையில்லாமல் கொடுப்பதற்காகவே கன்னத்தில் விடும் முறை வந்தது. உகாண்டாவின் கம்பாலாவில் நடத்தி 2008இல் வெளியான குழந்தைகள் ஆய்வில், மலவாயில் வைக்கும் டயசெபாம் என்ற வலிப்பு மருந்தைவிடக் கன்னத்தில் விட்ட மிடசோலம் வலிப்பை அதிகம் நிறுத்தியது. வகுப்பில் அத்தனை பிள்ளைகள் முன்னால் உடையைக் கழற்றவும் வேண்டியதில்லை. பள்ளியில் மருந்தைப் பூட்டி வைப்பார்கள். அந்தச் சாவி தலைமையாசிரியரின் பையில் கூட்டத்துக்குப் போய்விடக் கூடாது, வகுப்பாசிரியையிடமும் ஒன்று இருக்க வேண்டும். கண்ணாடி கைதவறி உடையும், ஆகவே வீட்டுக்கு இரண்டு, பள்ளிக்கு இரண்டு ஆம்பூல் என்று எழுதித்தரக் கேளுங்கள். எடை கூடக்கூட அளவு மாறும்; ஒவ்வொரு முறை மருத்துவமனை போகும்போதும் பையனைத் தராசில் ஏற்றி, அந்தத் தாளைப் புதிதாக எழுதி வாங்குங்கள். ஆயாவும் ஆசிரியையும் வெறும் தண்ணீரை 1.5 கோடு வரை எடுத்து, மெதுவாக அழுத்தி, உங்கள் முன்னால் சில முறை பழகிப் பார்க்கட்டும்.