பழைய குடும்பப் படத்துக்குக் கையால் தீட்டியது போல வண்ணம் கொடுப்பது

கேள்வி: தாத்தா பாட்டியின் கறுப்பு வெள்ளைக் கல்யாணப் படத்துக்கு, அந்தக் காலத்து ஸ்டுடியோக்களில் கையால் தீட்டியது போல வண்ணம் கொடுக்க ஆசை. முகமும் நகையும் மாறிவிடாமல் செய்ய முடியுமா?

முடியும். ஆனால் படத்தில் தெரியும் சாம்பல் நிறத்தை வைத்து அசல் வண்ணத்தை ஊகிக்காதீர்கள். அந்தக் காலத்து ஸ்டுடியோக்கள் பல, ஆர்த்தோகுரோமாட்டிக் என்ற வகைத் தகடுகளையும் பிலிம்களையும் பயன்படுத்தின. அவை சிவப்பு ஒளியை உணராதவை. அதனால்தான் இருட்டறையில் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு கண்ணால் பார்த்தபடியே கழுவ முடிந்தது. அவற்றில் சிவப்பு ஏறக்குறையக் கறுப்பாக விழும், வெளிர் நீலம் வெள்ளையாகிவிடும். உங்கள் படத்தில் குங்குமப் பொட்டு கூந்தல் அளவுக்குக் கறுத்து, உதடுகளும் இயல்பைவிட இருண்டிருந்தால், அது அந்த வகைப் படமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 1950களில் எடுத்த எங்கள் அப்பத்தாவின் கல்யாணப் படத்தை ஒரு கடையில் கொடுத்திருந்தோம். கறுப்பாகத் தெரிந்த கூறைச் சேலையைக் கரும்பச்சை ஆக்கி, தாத்தாவின் கன்னத்தில் இருந்த பெரியம்மைத் தழும்புகளை வழித்து, இருவரையும் சிவப்பாக்கிக் கொடுத்தார்கள். அதைப் பார்த்த என் அப்பா, "இது யாருப்பா?" என்று என்னைக் கேட்டார். பெற்ற மகனுக்கே அடையாளம் தெரியாத படத்துக்குக் கூலி கொடுத்திருந்தோம் என்பது இன்றும் எனக்கு ஆறவில்லை.

பிறகு நானே உட்கார்ந்தேன். சேலையின் நிறத்துக்கு அத்தையிடம் போனேன். அவர் பெட்டியில் அந்தக் கூறையின் முந்தானைத் துண்டு இருந்தது, அரக்கு நிறம். வெளிப்பக்கம் வெளுத்திருந்ததால், மடிப்பைப் பிரித்து, வெளிச்சம் படாத உட்பகுதியைப் பகல் வெளிச்சத்தில் பார்த்து நிறத்தைக் குறித்துக்கொண்டேன்.

அசல் படத்தின் மேல் கை வைக்காமல், 600 டிபிஐ அளவில் 16 பிட் கோப்பாக ஸ்கேன் செய்து, GIMP மென்பொருளில் திறந்தேன். வண்ணங்களை ஒவ்வொன்றாக Layer எனப்படும் தனித்தனி அடுக்கில் இட்டு, அடுக்கின் Mode என்பதை HSL Color என்று வைத்தால், வெளிச்சமும் நிழலும் அடியில் இருக்கும் புகைப்படத்திலிருந்தே வரும்; நீங்கள் தருவது நிறம் மட்டுமே. ஆகவே நூலோட்டமும் தழும்பும் அப்படியே நிற்கும். ஸ்டுடியோ ஓவியர்கள் ஒளி ஊடுருவும் எண்ணெய் வண்ணத்தைப் பஞ்சால் தேய்த்துச் செய்ததும் இதே நோக்கத்தோடுதான்.

இதற்கு ஓர் எல்லை உண்டு. முழுக் கறுப்பிலும் முழு வெள்ளையிலும் இந்த முறையில் நிறம் ஏறாது. சேலை கறுத்திருந்ததால் அரக்கு பிடிக்கவில்லை. சேலையை மட்டும் தேர்ந்தெடுத்து, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் Curves கருவி மூலம் சிறிது வெளுக்கச் செய்தபோது, கொசுவத்தின் மடிப்புகள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. மடிப்புக்குப் பதிலாகப் பிலிமின் மணல் போன்ற பொரிப் பொரியான தடம் எழத் தொடங்கியதும் நிறுத்திக்கொண்டேன். அதற்கு அப்பால் வரைந்தால் அது என் கற்பனை ஆகிவிடும். சரிகையை ஒரே மஞ்சளால் நிரப்பாதீர்கள். ஒளி விழும் இடத்தில் வெளிர் மஞ்சளும், மடிப்புக்குள் பழுப்பும் கொடுத்தால்தான் அது உலோகமாகத் தெரியும்.

முகத்தில் எது கறை, எது அடையாளம் என்பதை ஸ்கேனைப் பெரிதாக்கிப் பாருங்கள். கீறல் முகத்தையும் பின்திரையையும் ஒரே கோடாகக் கடந்து போகும். தழும்புக்கு ஒருபுறம் வெளிச்சமும் மறுபுறம் நிழலும் இருக்கும். அம்மைத் தழும்பு குழியாக இருப்பதால், மூக்கின் நிழல் விழும் பக்கத்துக்கு எதிர்ப்புறத்தில், வெளிச்சம் வரும் பக்கத்து விளிம்பில் அந்த நிழல் விழும். மூக்குத்தியைத் தூசி என்று எண்ணி அழித்துவிட வேண்டாம். அதே காலத்து இன்னொரு படத்தோடு ஒப்பிட்டுவிடுங்கள். ஓவியத் தன்மைக்கான தூரிகைத் தடங்களைப் பின்திரையிலும் துணியிலும் மட்டும், குறைந்த அடர்த்தியில் Normal அடுக்கில் இட்டேன். முகத்தின் மேல் அந்த அடுக்கைக் கொண்டு வரவே இல்லை.

வண்ணம் தீட்டுவதே பழையதைத் திரிப்பதாகும் என்று சிலர் வாதிடுவார்கள். அவர்களுடைய அச்சம் நியாயமானது. அதனால்தான் அச்சிட்ட படத்தின் பின்புறம், சேலையின் நிறம் துணியைப் பார்த்துத் தீட்டியது, மேனி நிறம் அப்பாவும் அத்தையும் பார்த்துச் சொன்னது என்று எழுதி, வண்ணமிடாத படியையும் உடன் வைத்திருக்கிறேன். தாத்தாவின் அங்கவஸ்திரக் கரை என்ன நிறம் என்று சொல்ல வீட்டில் எவரும் இல்லை. அதற்கு நிறம் கொடுக்காமல் பழுப்புச் சாயலிலேயே விட்டுவிட்டேன்.